துணை சுகாதார நிலையம் கட்டக் கட்டடக் கலைஞர் தேவை

ஊராட்சி ஒன்று கட்டடம் கட்ட ஒப்பந்ததாரரைத் தேடும்போது ஒப்பந்தப்புள்ளி கோருகிறது. அப்போது கட்ட வேண்டியது என்ன என்பது முன்பே முடிவாகியிருக்கும். வரைபடமும் அளவும் கையில் இருக்கும், தெரிய வேண்டியது விலை மட்டுமே. அந்த வரைபடத்தைப் போடும் ஆளையே தேடும்போது நிலைமை வேறு. வாங்கப்போவது இன்னும் உருவாகாத ஒன்று. அதனால் விலையைக் கேட்பதோடு, இந்த வேலையை எப்படிச் செய்வீர்கள், இதற்கு முன் என்ன செய்திருக்கிறீர்கள், யாரையெல்லாம் சேர்த்துக்கொள்வீர்கள் என்றும் கேட்க வேண்டியிருக்கிறது. இப்படிக் கேட்பதற்கான ஆவணம்தான் முன்மொழிவுக் கோரிக்கை. பணியின் எல்லை என்ன, கட்டடக் கலைஞர் எதையெல்லாம் எழுத்திலும் வரைபடத்திலும் ஒப்படைக்க வேண்டும், எந்த நாளுக்குள், எவ்வளவு கட்டணத்துக்கு, யார் எப்படித் தேர்ந்தெடுக்கப்படுவார் என்பவை அதன் உள்ளடக்கம்.

தமிழ்நாட்டில் துணை சுகாதார நிலையங்கள் பெரும்பாலும் அரசுப் பொறியாளர்கள் தயாரித்த மாதிரி வரைபடத்தைக் கொண்டே கட்டப்படுகின்றன. சமமான, மேடான, சாலையோர மனை கிடைத்தால் அது போதும். மனை குறுகலாகவோ தாழ்வாகவோ இருந்தால், கரிசல் மண்ணாக இருந்தால், அல்லது நன்கொடையாகவோ நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதியாகவோ பணம் வந்து, கொடுப்பவர் தனிக் கட்டடக் கலைஞரைக் கேட்டால், ஊராட்சி இந்த ஆவணத்தை எழுத வேண்டிவருகிறது. ஊராட்சிச் செயலருக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் இது பழக்கப்பட்ட எழுத்து வேலை இல்லை. ஒப்பந்தப்புள்ளிப் படிவத்தை எடுத்து, "ஒப்பந்ததாரர்" என்ற சொல்லை அடித்துவிட்டுக் "கட்டடக் கலைஞர்" என்று எழுதி வெளியிடுவது உண்டு. பின்னால் வரும் சிக்கல்களில் பாதி அந்த ஒரு செயலில் தொடங்குகிறது.

இதை விளக்க ஒரு மாதிரி ஊராட்சியை எடுத்துக்கொள்ளலாம். மக்கள்தொகை ஐயாயிரம் அளவில் இருக்கிறது. சமவெளிப் பகுதியில் ஐயாயிரம் பேருக்கும் மலைப்பகுதியிலும் பழங்குடிப் பகுதியிலும் மூவாயிரம் பேருக்கும் ஒரு துணை சுகாதார நிலையம் என்பது நாடு முழுவதும் உள்ள அளவுகோல். இந்த ஊரின் கிராம சுகாதாரச் செவிலியர் இப்போது ஒரு பழைய கட்டடத்தின் முன்னறையில் வேலை செய்கிறார். புதுக் கட்டடத்துக்குக் கிடைத்த மனை பத்து சென்ட், அதாவது முகப்பு 40 அடி, ஆழம் ஏறக்குறைய 109 அடி. பின்புறம் ஓர் ஓடை. வடகிழக்குப் பருவமழை வலுத்த ஆண்டுகளில் மனைக்குள் ஒன்றரை அடி தண்ணீர் நிற்கும் என்று அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். கட்டடத்துக்கான நிதி 60 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஊரும் இந்தத் தொகைகளும் விளக்கத்துக்காகக் கொள்ளப்பட்டவை.

மனையைப் பற்றி முதலில்

ஆவணத்தின் முதல் பகுதி பின்னணி. பலரும் இதை ஊரின் வரலாறு சொல்லும் இடமாக நினைக்கிறார்கள். கட்டடக் கலைஞருக்கு இங்கே வேண்டியது நிலத்தின் நிலை. புல எண், புல வரைபடம், பட்டா அல்லது 'அ' பதிவேட்டின் நகல், நிலம் யார் பெயரில் இருக்கிறது, புறம்போக்காக இருந்தால் எந்த வகைப் புறம்போக்கு, வருவாய்த் துறையின் நில நுழைவு அனுமதி வந்துவிட்டதா என்பவை இணைப்பில் இருக்க வேண்டும். ஏரி, ஓடை, குளம் போன்ற நீர்நிலைப் புறம்போக்கில் கட்ட முடியாது. மாதிரி ஊரில் மனையை ஒட்டி ஓடை இருப்பதால், ஓடையின் எல்லைக் கல் எங்கே என்று நில அளவரை வைத்து அளந்து காட்டிய பிறகே ஆவணம் வெளிவருவது நல்லது. வரைபடமெல்லாம் முடிந்த பின் பத்து சென்ட்டில் இரண்டு சென்ட் ஓடைக்குரியது என்று தெரிந்தால், அதுவரை கொடுத்த கட்டணம் வீண்.

வெள்ள அளவும் இந்தப் பகுதியில்தான் வர வேண்டும். "மழைக்காலத்தில் தண்ணீர் தேங்கும்" என்று எழுதினால் யாருக்கும் எதுவும் புரியாது. பக்கத்து வீட்டுச் சுவரில் தண்ணீர்க் கறை எந்த உயரத்தில் இருக்கிறது, அது சாலை மட்டத்திலிருந்து எவ்வளவு என்று அளந்து எழுதினால் கட்டடக் கலைஞர் தரைமட்டத்தை அங்கேயே தீர்மானிக்கத் தொடங்கிவிடுவார். அந்த ஒரு எண் கட்டடத்தின் முகப்பையே மாற்றிவிடும் என்பது பின்னால் தெரியும்.

அறைகளின் பட்டியலும் ஒரு புதன்கிழமையும்

பணி எல்லையின் நடுப்பகுதி, கட்டடத்தில் என்னென்ன வேண்டும் என்பது. சாதாரணமாக இங்கே ஓர் அறைப் பட்டியல் இருக்கும்: பரிசோதனை அறை, மருந்து அறை, காத்திருக்கும் இடம், கழிப்பறை, செவிலியர் குடியிருப்பு. பட்டியல் சரிதான், ஆனால் அதிலிருந்து கட்டடம் பிறக்காது. எந்த அறையில் யார், எந்த நேரத்தில், எத்தனை பேர், என்ன செய்கிறார்கள் என்று எழுதினால்தான் வடிவம் கிடைக்கும். அதைச் சொல்லக்கூடியவர் கிராம சுகாதாரச் செவிலியர். ஆவணம் எழுதுவதற்கு முன் மன்றம் அவரோடு ஒரு முழு நாள் இருந்து பார்ப்பது, பத்து விதிமுறைப் புத்தகங்களைப் படிப்பதைவிடப் பயன் தரும்.

தடுப்பூசி போடும் புதன்கிழமையையே பார்க்கலாம். காலையில் ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து தடுப்பூசிப் பெட்டி வருகிறது. உள்ளே பனிக்கட்டிப் பொதிகளுக்கு நடுவே குப்பிகள், 2 முதல் 8 டிகிரி வெப்பத்துக்குள் இருக்க வேண்டியவை. பெட்டியை வெயில் படாத மேசையில் வைத்து, பக்கத்திலேயே பதிவேடு வைத்து எழுத இடம் வேண்டும். பத்துக் குழந்தைகள் வந்தால் தாயும் பாட்டியுமாக இருபது பெரியவர்கள் வருவார்கள். ஊசி போட்டதும் அவர்கள் கிளம்ப முடியாது. ஒவ்வாமை ஏதும் வருகிறதா என்று பார்க்க அரை மணி நேரம் அங்கேயே இருக்க வேண்டும். ஆக ஒரே கட்டடத்தில் இரண்டு காத்திருப்புகள் நடக்கின்றன. ஊசிக்கு முன் காத்திருப்பவர்களும் பின் காத்திருப்பவர்களும் ஒரே பெஞ்சில் கலந்தால், யாருடைய அரை மணி முடிந்தது என்பது செவிலியருக்குத் தெரியாது. போட்டு முடித்தவர்கள் அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே கண்ணில் படும்படி, நிழலும் மின்விசிறியும் உள்ள ஒரு தாழ்வாரம் வேண்டும். "காத்திருக்கும் இடம் 200 சதுர அடி" என்ற வரி இதைச் சொல்லாது. "ஊசி போட்ட குழந்தைகள் அரை மணி நேரம் செவிலியரின் பார்வைக்குள் அமரும் நிழலான இடம், இருபது பேருக்கு" என்று எழுதினால் சொல்லிவிடும்.

மற்ற நாட்களின் வேலை வேறு. கர்ப்பிணிகளுக்கு எடை, ரத்த அழுத்தம், வயிற்றுப் பரிசோதனை, சிறுநீர்ப் பரிசோதனை நடக்கின்றன. பரிசோதனைக் கட்டில் வாசலிலிருந்து தெரியக் கூடாது. சிறுநீர் மாதிரி எடுக்கும் கழிப்பறை பரிசோதனை அறையை ஒட்டி இருக்க வேண்டும். கையில் குப்பியோடு கூட்டத்தின் நடுவே நடந்து வரும் சங்கடத்தைத் தவிர்க்க வேறு வழி இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துக்குப் பிறகு, ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாதந்தோறும் வீடு தேடிப் போகும் மாத்திரைகளை வைக்கவும் பூட்டக்கூடிய, ஈரம் ஏறாத இடம் வேண்டும். நலவாழ்வு மையமாகத் தரம் உயர்த்தப்பட்ட துணை நிலையங்களில் கிராம சுகாதாரச் செவிலியரோடு இடைநிலை சுகாதாரப் பணியாளர் ஒருவரும் வேலை செய்கிறார். காணொளி வழியாக மருத்துவரிடம் நோயாளியைக் காட்டுவது அவருடைய வேலைகளில் ஒன்று. அதற்கு வெளிச் சத்தம் குறைந்த ஓர் அறையும் இணைய இணைப்பும் தேவை. ஒரே அறையை நினைத்துப் போட்ட பழைய வரைபடங்கள் இந்த இரண்டாவது ஆளுக்கு இடம் தருவதில்லை.

பிரசவ அறை வேண்டுமா என்பதை ஆவணம் ஐயத்துக்கு இடமின்றிச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டில் பிரசவங்கள் பெரும்பாலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அவற்றுக்கு மேற்பட்ட மருத்துவமனைகளிலுமே நடக்கின்றன. பிரசவம் பார்க்காத துணை நிலையத்துக்குப் பிரசவ அறை கேட்டால், அதோடு சேர்ந்து தனிக் கழிப்பறை, கருவிகளைச் சுத்தம் செய்யும் இடம், சிசுவுக்கான மூலை, கூடுதல் தண்ணீர் எல்லாம் வரும். கடைசியில் அந்த அறை பழைய நாற்காலிகளின் கிடங்காகிவிடும். போக்குவரத்து எளிதில் கிடைக்காத மலைக் கிராமத்தில் நிலைமை வேறாக இருக்கலாம். முடிவு சுகாதாரத் துறையுடையது, ஊராட்சி அதை எழுத்தில் வாங்கி இணைக்க வேண்டும்.

மருத்துவக் கழிவைப் பற்றிய வரி ஏறக்குறைய எல்லா ஆவணங்களிலும் விட்டுப்போகிறது. 2016-ஆம் ஆண்டு உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகளின்படி கழிவு மஞ்சள், சிவப்பு, வெள்ளை, நீலம் என வகை பிரிக்கப்படுகிறது. பயன்படுத்திய ஊசி துளைக்க முடியாத வெள்ளைக் கொள்கலனில் போகிறது. சுத்திகரிக்கப்படாத கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. அதுவரை அது எங்கே இருக்கும்? கட்டடத்தின் பின்புறம், வெளியிலிருந்து திறக்கும் பூட்டுள்ள சிறு அறை ஒன்று, கழுவிவிட வசதியாகத் தரைச் சரிவோடு வேண்டும். நாயும் மாடும் நுழையக் கூடாது. இது வரைபடத்தில் இல்லாவிட்டால் சிவப்புப் பையும் மஞ்சள் பையும் மாடிப்படிக்கு அடியில் போய்ச் சேரும்.

உள்ளே எது, வெளியே எது

அறைகளுக்கு அடுத்து, எந்தெந்த வேலை இந்தக் கட்டணத்துக்குள் அடங்கும் என்ற பகுதி. சண்டைகள் பிறக்கும் இடம் இது. கட்டடக் கலைஞர் திட்டம் போடுவார். அடித்தளம், தூண், உத்திரம், கூரைக்கான கம்பிக் கணக்கைப் போடுபவர் கட்டமைப்புப் பொறியாளர். மின்சாரத்துக்கும் குழாய்க்கும் தனி வரைபடங்கள் வேண்டும். மண் பரிசோதனைக்குத் துளை போட ஆள் வர வேண்டும். ஆவணம் பேசாமல் இருந்தால், கட்டமைப்பு வரைபடம் என் கட்டணத்தில் இல்லை என்று ஒருவர் சொல்வார், மண் பரிசோதனை ஊராட்சியின் பொறுப்பு என்று இன்னொருவர் சொல்வார். முன்மொழிவுகளை ஒப்பிடவே முடியாது. ஒருவர் எல்லாவற்றையும் சேர்த்து மூன்று லட்சம் கேட்டிருப்பார், மற்றவர் பாதியை விட்டுவிட்டு இரண்டு லட்சம் கேட்டிருப்பார்.

மண் பரிசோதனையை ஊராட்சியே தனியாகச் செய்து, அதன் அறிக்கையை இணைப்பது ஒரு வழி. கட்டடக் கலைஞர் ஏற்பாடு செய்வார், செலவு உண்மையான ரசீதுப்படி தனியாகக் கொடுக்கப்படும் என்பது இன்னொரு வழி. இரண்டும் சரி. கரிசல் பகுதியில் மட்டும் இதைத் தள்ளிப்போடவே கூடாது. மழையில் உப்பிக் கோடையில் சுருங்கும் அந்த மண்ணில் சாதாரண அடித்தளம் போட்டால், இரண்டு மூன்று கோடையில் சன்னல் மூலைகளிலிருந்து சாய்வாக விரிசல் ஓடத் தொடங்கும். மண்ணின் தன்மை தெரியாமல் போட்ட மதிப்பீட்டில், வேறு வகை அடித்தளத்துக்கான செலவு பின்னால் வந்து முழு நிதிக் கணக்கையும் குலைக்கும்.

மேசை, கட்டில், எடைக் கருவி போன்றவை கட்டடக் கலைஞரின் வேலைக்கு வெளியே என்று சொல்லிவிடலாம். ஆனால் அவை எங்கே வைக்கப்படும் என்று வரைபடத்தில் காட்ட வேண்டும் என்பது உள்ளே. இல்லாவிட்டால் மின்செருகி கட்டிலுக்குப் பின்னால் மாட்டிக்கொள்ளும்.

மதிப்பீட்டைப் பற்றி ஒரு நிபந்தனை கட்டாயம். அரசு நிதியில் கட்டும் கட்டடத்துக்கு நிர்வாக அனுமதியும், பொறியாளர் தரும் தொழில்நுட்ப அனுமதியும் வேண்டும். அந்தப் பொறியாளர் துறையின் விலைவிகிதப் பட்டியலை வைத்தே சரிபார்ப்பார். சந்தை விலையில் தயாரித்த மதிப்பீடு எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் திரும்பி வரும். "நடப்பாண்டு விலைவிகிதப் பட்டியலின்படி" என்ற சொற்களும், மதிப்பீடு 60 லட்சத்தைத் தாண்டினால் கூடுதல் கட்டணமின்றித் திட்டத்தைத் திருத்தித் தர வேண்டும் என்ற வரியும் சேர்ந்து வர வேண்டும். கட்டணத்தைக் கட்டடச் செலவின் சதவீதமாக வைக்காமல் மொத்தத் தொகையாக வைப்பது சிறு கட்டடங்களுக்கு நல்லது. செலவு ஏற ஏறக் கட்டணமும் ஏறும் ஏற்பாட்டில், சிக்கனமாக வரைபவருக்குக் கிடைப்பது குறைவு.

ஒப்படைக்க வேண்டியவை

"கட்டடக் கலைஞர் தேவையான வரைபடங்களை வழங்குவார்." பல ஆவணங்களில் ஒப்படைப்புகள் இந்த ஒரு வரியில் முடிந்துவிடுகின்றன. தேவையானவை எவை என்று இங்கே யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் நான்கு விஷயங்கள் எழுதப்பட வேண்டும்: அது என்ன, எந்த அளவுத்திட்டத்தில் எத்தனை பிரதி, எந்த நாளுக்குள், யார் பார்த்துச் சரி என்பார்.

முதல் ஒப்படைப்பு மனையின் அளவை வரைபடம். எல்லைகள், மரங்கள், கிணறு, மின்கம்பம், சாலை மட்டம், மனையின் மட்டம், வெள்ளம் வந்த மட்டம் எல்லாம் அதில் இருக்கும். இரண்டாவது, கருத்து வரைபடம். இது மன்றத்துக்கும் கிராமசபைக்கும் காட்டப்படுவது. அதனால் இதற்குத் தமிழில் பெயர் எழுதிய, பெரிய தாளில் அச்சிட்ட படம் ஒன்றும், தூக்கிக் காட்டக்கூடிய சிறு அட்டை மாதிரியும் கேட்கலாம். கோட்டு வரைபடம் எல்லோருக்கும் புரியாது. அட்டை மாதிரியை வைத்தால் கூட்டத்தில் ஒரு பாட்டி "கக்கூஸ் வாசலுக்கு நேரா இருக்கே" என்று சொல்லிவிடுவார். மூன்றாவது, விரிவான வரைபடங்கள்: தரைத்தளத் திட்டம், குறுக்குவெட்டு, முகப்புகள், கதவு சன்னல் அட்டவணை, கழிப்பறையின் பெரிதாக்கிய படம், கட்டமைப்பு, மின்சாரம், குடிநீர், கழிவுநீர். கட்டமைப்பு வரைபடத்தில் பொறியாளரின் கையொப்பம் கட்டாயம். நான்காவது, அளவுப் பட்டியலோடு கூடிய மதிப்பீடும் பொருள் தர விவரமும். ஐந்தாவது, ஒப்பந்ததாரரைத் தேர்ந்தெடுக்கத் தேவையான ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள். ஆறாவது, கட்டுமானக் காலப் பார்வையறிக்கைகள். கடைசி, கட்டி முடித்தபடி வரைந்த படங்கள்.

மாதிரி ஊரின் மனையில் இந்த ஒப்படைப்புகள் எப்படி ஒன்றையொன்று தாங்குகின்றன என்று சாய்வுதளத்தில் பார்க்கலாம். வெள்ளம் ஒன்றரை அடி. அதற்கு மேல் ஓர் அடி பாதுகாப்பு வைத்தால் தரைமட்டம் மனையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில் வரும். சக்கர நாற்காலி ஏறும் சாய்வுதளம் ஓர் அடி உயரத்துக்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். ஆகவே இங்கே சரிவு மட்டும் 30 அடி. அதோடு மேலே, கீழே, நடுவே என ஐந்தைந்து அடிச் சமதளங்கள். முகப்பு 40 அடி. இரு பக்கமும் ஐந்தடி விட்டால் மிஞ்சுவது 30 அடி, நேராகப் போட்டால் சமதளங்களுக்கு இடமில்லை. பதினைந்து அடி போய்த் திரும்பிப் பதினைந்து அடி வரும்படி மடித்துத்தான் போட வேண்டும். அப்படியென்றால் கட்டடம் சாலையிலிருந்து இன்னும் கொஞ்சம் பின்னால் தள்ளிப்போகும், பின்னால் ஓடை இருக்கிறது. ஓடைப் பக்கம் விட வேண்டிய இடத்தையும் கணக்கிட்ட பிறகே அறைகளின் ஆழம் எவ்வளவு என்று தெரியும். இந்தச் சங்கிலி முழுவதும் அளவை வரைபடத்திலுள்ள மட்டங்களிலிருந்து தொடங்குகிறது. மட்டம் எடுக்காமல் திட்டம் போட்டால் சாய்வுதளம் கடைசியில், மிஞ்சிய இடத்தில் வரும். பத்தடி இடம் மிஞ்சினால் இரண்டரை அடி உயரத்துக்குப் பத்தடிச் சரிவு, அதாவது நான்கடிக்கு ஓர் அடி ஏற்றம். நிறைமாதக் கர்ப்பிணிக்கும் முட்டிவலிக்காரருக்கும் அது ஏற முடியாத ஏற்றம், மழையில் வழுக்கும். எந்தப் பொதுக் கட்டடத்திலும் இதை ஓர் அளவு நாடாவைக் கொண்டு யாரும் சோதிக்கலாம்: சாய்வுதளத்தின் நீளத்தை அதன் உயரத்தால் வகுத்தால் பன்னிரண்டுக்குக் குறையக் கூடாது.

காலமும் பணமும்

கால அட்டவணையைப் பணி ஆணை கிடைத்த நாளிலிருந்து எண்ணுவது வழக்கம். அளவைக்கு இரண்டு வாரம், கருத்து வரைபடத்துக்கு மேலும் மூன்று வாரம், விரிவான வரைபடங்களுக்கும் மதிப்பீட்டுக்கும் ஆறு வாரம் என்பது இந்த அளவுக் கட்டடத்துக்குப் பொருந்தும். ஊராட்சி தன் பங்குக்கு எடுத்துக்கொள்ளும் நாட்களையும் எழுத வேண்டும். கருத்து வரைபடத்தைப் பார்த்துப் பத்து நாளில் எழுத்தில் பதில் தருவோம் என்று சொல்லாமல் இரண்டு மாதம் வைத்திருந்துவிட்டு, தாமதத்துக்குக் கட்டடக் கலைஞரைக் குறை சொல்வது முறையாகாது.

கட்டணத்தை ஒப்படைப்போடு கட்டுவதுதான் முறை. மூன்று லட்சம் கட்டணம் என்று கொண்டால், கருத்து வரைபடம் ஏற்கப்பட்டதும் 15 சதவீதமாக 45,000 ரூபாய், விரிவான வரைபடங்களும் மதிப்பீடும் கிடைத்ததும் 35 சதவீதமாக 1,05,000, தொழில்நுட்ப அனுமதி வந்து ஒப்பந்தப்புள்ளி ஆவணங்கள் தயாரானதும் 15 சதவீதமாக 45,000, கட்டுமானத்தின்போது மூன்று தவணைகளில் 25 சதவீதமாக 75,000, கட்டி முடித்த படங்களை ஒப்படைத்ததும் மீதி 30,000. வரைபடத்தோடு பெரும்பகுதியைக் கொடுத்துவிட்டால் கட்டுமானத்தின்போது கட்டடக் கலைஞரைப் பார்க்க முடியாது. மாறாக எல்லாவற்றையும் கடைசிக்கு வைத்தால், அளவைக்கும் கட்டமைப்புப் பொறியாளருக்கும் கைக்காசு போட முடியாத சிறு அலுவலகங்கள் விண்ணப்பிக்கவே மாட்டா.

யாரைத் தேர்ந்தெடுப்பது

1972-ஆம் ஆண்டுக் கட்டடக் கலைஞர்கள் சட்டப்படி, கட்டடக்கலை மன்றத்தில் பதிவு செய்தவரே தன்னைக் கட்டடக் கலைஞர் என்று சொல்லிக்கொள்ள முடியும். பதிவு எண்ணைக் கேட்பதும் அது நடப்பில் இருக்கிறதா என்று சரிபார்ப்பதும் முதல் தகுதி. பொதுப் பயன்பாட்டுக் கட்டடம் ஒன்றையாவது முடித்திருக்க வேண்டும் என்பது இரண்டாவது. அதற்கு மேல் போய், பத்து மருத்துவமனை கட்டியிருக்க வேண்டும், ஆண்டு வருமானம் இத்தனை கோடி என்றெல்லாம் எழுதினால், பக்கத்து நகரத்தில் இருந்துகொண்டு வாரம் ஒருமுறை வந்து பார்க்கக்கூடியவர் வெளியே போய்விடுவார். மூன்று லட்ச ரூபாய் வேலைக்குப் பெரிய நிறுவனம் வந்தாலும் அதன் கடைசி இளநிலை ஊழியரையே அனுப்பும்.

முன்மொழிவுகள் இரண்டு தனி உறைகளில் வர வேண்டும். ஒன்றில் தொழில்நுட்பம், மற்றதில் கட்டணம். முதல் உறையை மதிப்பிட்டு மதிப்பெண் போட்டுக் கையொப்பமிட்ட பிறகே இரண்டாவதைத் திறக்க வேண்டும். குறைந்த கட்டணத்தை முன்பே பார்த்துவிட்ட கண், தொழில்நுட்ப மதிப்பெண்ணையும் அதற்கேற்பப் போடும். மனையை நேரில் பார்த்தாரா, வெள்ளத்துக்கு என்ன வழி சொல்கிறார், காற்றும் வெளிச்சமும் மின்சாரம் இல்லாத நேரத்திலும் கிடைக்குமா, முன்பு கட்டிய கட்டடம் இப்போது எப்படி இருக்கிறது என்பவற்றுக்குத் தனித்தனி மதிப்பெண் வைக்கலாம். கடைசிக் கேள்விக்கு விடை தாளில் கிடைக்காது. மன்றத்தார் இருவர் போய்ப் பார்த்து, அங்கே வேலை செய்பவர்களிடம் பேசிவிட்டு வர வேண்டும்.

தொழில்நுட்பத்துக்கு 70, கட்டணத்துக்கு 30 என்று வைத்த ஒரு மதிப்பீட்டைப் பார்க்கலாம். முதலாமவர் தொழில்நுட்பத்தில் நூற்றுக்கு 64 பெற்று 2,40,000 ரூபாய் கேட்கிறார். இரண்டாமவர் 85 பெற்று 3,00,000 கேட்கிறார். குறைந்த கட்டணத்துக்கு 100 மதிப்பெண். இரண்டாமவருக்கு 2,40,000-ஐ 3,00,000-ஆல் வகுத்து 80. முதலாமவரின் மொத்தம் 44.8-உம் 30-உம் சேர்ந்து 74.8. இரண்டாமவருடையது 59.5-உம் 24-உம் சேர்ந்து 83.5. வேலை இரண்டாமவருக்கு. கட்டணத்தை மட்டும் பார்த்திருந்தால் ஊராட்சிக்கு 60,000 ரூபாய் மிச்சம், அது 60 லட்சத்தில் நூற்றில் ஒரு பங்கு. தவறான அடித்தளமோ மடிக்காத சாய்வுதளமோ அதைப் போலப் பல மடங்கு விழுங்கிவிடும். இந்தக் கணக்கு முறையும் மதிப்பெண் பங்கீடும் ஆவணத்திலேயே அச்சாகியிருக்க வேண்டும். உறைகள் வந்த பிறகு முறையை மாற்றினால், 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளி வெளிப்படைத்தன்மைச் சட்டத்தின் நோக்கமே அடிபடும். ஆட்சேபணை வந்தால் எல்லாவற்றையும் முதலிலிருந்து தொடங்க வேண்டும்.

கட்டும்போதும் கட்டிய பின்னும்

அன்றாட மேற்பார்வை ஒன்றியத்தின் பொறியாளருக்கும் பணி மேற்பார்வையாளருக்கும் உரியது. அளவுப் புத்தகத்தில் எழுதிப் பட்டியலை அனுமதிப்பவர்களும் அவர்களே. கட்டடக் கலைஞர் குறிப்பிட்ட கட்டங்களில் வந்து பார்ப்பார். "அவ்வப்போது வந்து பார்ப்பார்" என்று எழுதினால் அவர் வரவே மாட்டார், அல்லது ஒவ்வொரு சிறு ஐயத்துக்கும் அழைக்கப்பட்டுச் சலித்துப்போவார். அடித்தளக் குழியில் கான்கிரீட் போடும் முன், தரைமட்டம் எட்டியதும், கூரைக் கம்பி கட்டி முடித்துக் கான்கிரீட் போடும் முன், சுவருக்குள் போகும் குழாயும் மின்கம்பிக் குழாயும் பதித்துப் பூச்சு வேலைக்கு முன், கழிப்பறைத் தரை ஓடு ஒட்டும்போது, முடிந்த பின் என ஆறு முறை போதும். ஒவ்வொரு முறையும் படங்களோடு ஒரு பக்க அறிக்கை தர வேண்டும். கழிப்பறைத் தரைக்குத் தனியாக ஒரு வருகை எதற்கு என்று தோன்றலாம். ஒரு வாளித் தண்ணீரை ஊற்றி அது வடிகால் வாய்க்குப் போகிறதா, கதவுப் பக்கம் வருகிறதா என்று பார்க்கும் வேலை அது. ஓடு ஒட்டிக் காய்ந்த பிறகு அதைத் திருத்த உடைத்துத்தான் ஆக வேண்டும்.

வரைபடத்தின் உரிமையைப் பற்றியும் ஒரு பத்தி வேண்டும். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் கட்டடக்கலைப் படைப்புகளையும் பாதுகாக்கிறது. எதுவும் எழுதாமல் விட்டால், இந்தக் கட்டடத்தை இந்த மனையில் கட்டும் அனுமதியே ஊராட்சிக்குக் கிடைத்ததாகக் கொள்ளப்படும். பக்கத்து ஊராட்சியும் இதே வரைபடத்தைக் கேட்டால் என்ன செய்வது, பத்து ஆண்டு கழித்து மேல்மாடி எழுப்ப வேறொருவர் இதைத் திருத்தலாமா என்பதை இப்போதே பேசி எழுதிவிடலாம். மேல்மாடி எண்ணம் இருந்தால் அதைத் தாங்கும் அடித்தளத்தையும் இப்போதே கேட்க வேண்டும்.

கடைசி ஒப்படைப்பான கட்டி முடித்தபடி வரைந்த படங்களுக்கு 10 சதவீதக் கட்டணத்தை நிறுத்தி வைப்பதற்குக் காரணம் உண்டு. கட்டும்போது குழாயின் வழி மாறியிருக்கும், கழிவுநீர்த் தொட்டி இரண்டடி தள்ளிப் போயிருக்கும், ஒரு சுவரில் மின்கம்பி வேறு பக்கம் ஓடியிருக்கும். முதல் வரைபடத்தை நம்பி யாராவது சுவரைத் துளைத்தால் குழாய் உடையும். மாற்றங்களையெல்லாம் சேர்த்து வரைந்த படத்தின் அச்சுப் பிரதிகள் இரண்டும் கணினிக் கோப்பும் ஊராட்சி அலுவலகத்துக்கு, ஒரு பிரதி செவிலியரின் அலமாரிக்கு, ஒன்று ஒன்றியப் பொறியாளருக்கு. அதோடு இரண்டு பக்கப் பராமரிப்புக் குறிப்பும் தமிழில் கேட்கலாம்: மேல்நிலைத் தொட்டியை எப்போது கழுவுவது, மழைநீர்க் குழாயின் வலையை எங்கே கழற்றுவது, மொட்டைமாடி ஓட்டுக்கு எப்போது கலவை பூசுவது. ஒப்பந்ததாரரின் குறைபாட்டுப் பொறுப்புக் காலம் முடியும் முன் கட்டடக் கலைஞர் ஒருமுறை வந்து, செவிலியரோடு கட்டடத்தைச் சுற்றிப் பார்த்துக் குறைகளைப் பட்டியலிட்டுத் தர வேண்டும் என்பது பணி எல்லையின் கடைசி வரி. அந்தப் பட்டியல் சரிசெய்யப்பட்ட பிறகே ஒப்பந்ததாரரிடம் பிடித்து வைத்த தொகை விடுவிக்கப்படும்.